விலை பேச்சு: மெயிலிலேயே முடிக்கலாமா, நேரில் வரும்வரை நிறுத்தி வைக்கலாமா?

நூல்கண்டு எழுதியது:

திருப்பூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஒரு ஜெர்மன் பையருக்குப் போன சீசன் செய்த அதே ஸ்டைல் மறுபடி ஆர்டர் வந்திருக்கிறது. ஆண்களுக்கான ரவுண்ட் நெக் டீஷர்ட், 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள சிங்கிள் ஜெர்சி துணி, 15,000 பீஸ், எட்டு நிறம். போன முறை எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றித் தரும் விலை, பீஸுக்கு 3.10 டாலர். இப்போது நூல் கிலோவுக்கு 24 ரூபாய் ஏறியிருக்கிறது. ஒரு பீஸுக்கு வேஸ்ட் எல்லாம் சேர்த்து கால் கிலோ நூல் போகிறது, ஆகவே பீஸுக்கு 6 ரூபாய் கூடுதல். டாலர் 86 ரூபாய் என்று வைத்தால் 7 சென்ட். அதனால் 3.17 கேட்டு மெயில் போட்டேன்.

நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நூல் விலை கடுமையாக உயர்ந்துவிட்டதால் 3.10-க்குச் செய்ய இயலாது. எங்கள் விலை 3.17. தயவுசெய்து உடனே உறுதி செய்யவும்."

பதில்: "இந்த உயர்வு எங்களுக்கு வியப்பளிக்கிறது. எங்கள் இலக்கு 3.05. வியாழனுக்குள் உறுதி செய்யவும்." வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. அவருடைய மேலாளரையும் சிசியில் சேர்த்திருக்கிறார்.

எங்கள் முதலாளி இதைப் பார்த்ததும், "கோபமாகிவிட்டார்கள், ஆர்டர் கைவிட்டுப் போகும், 3.05-க்கே ஒத்துக்கொள்" என்கிறார். புரொடக்‌ஷன் மேனேஜரோ, "அவர்கள் அப்படி எழுதினால் நாமும் காட்டமாக ஒரு மெயில் போடுவோம்" என்கிறார். அந்தப் பையர் அம்மா அடுத்த மாதம் நேரில் வருகிறார். அதுவரை இழுக்கலாமா? போன் செய்யலாமா? இன்று திங்கள்.

---

சாயப்பட்டறை எழுதியது:

அம்மிணி, மெயிலில் விலை பேசுவதே தப்பு. நான் இருபது வருஷமாக டையிங் நடத்துகிறேன். பார்ட்டி விலையைக் குறைக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுதினால் பதிலே போடமாட்டேன். "நேரில் வாங்க, டீ சாப்பிட்டுப் பேசலாம்" என்பேன். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், இவர் நிஜமாகவே வேறு பட்டறைக்குப் போகிறவரா, சும்மா கேட்டுப் பார்க்கிறவரா என்று. எழுத்தில் அது தெரியாது. வரும்வரை காத்திருங்கள்.

---

பழைய பையிங் ஆபீஸ் எழுதியது:

சாயப்பட்டறை அண்ணன் சொல்வது பக்கத்துத் தெரு பார்ட்டிக்குச் சரி. வியாழன் கெடு கொடுத்த பையருக்கு அடுத்த மாதம் வரை பதில் போடாமல் இருந்தால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போயிருக்கும்.

நான் ஐரோப்பிய பையர்களுக்காகச் சென்னையிலும் திருப்பூரிலும் பையிங் ஆபீஸில் வேலை பார்த்தவன். இந்த மாதிரி மெயில்களை எழுதும் ஆட்களின் பக்கத்து மேஜையில் இருந்திருக்கிறேன். ஆகவே முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அந்த அம்மா போன சீசனில் உங்களுக்கு எழுதிய மெயில்களை எடுத்து வரிசையாகப் படியுங்கள். சாயம் போட்ட நிற மாதிரியான லேப் டிப் ஓகே என்று சொன்ன மெயில், சாம்பிளில் கழுத்து ரிப் அகலம் மாற்றச் சொன்ன மெயில், கப்பல் தேதி கேட்ட மெயில். அவையும் இதே மாதிரி மூன்று வரிதானா? அப்படியென்றால் இது கோபம் இல்லை, அவருடைய எழுத்து நடை. முன்பெல்லாம் நாலு வரி நலம் விசாரித்தவர் இப்போது மூன்று வரியில் முடித்தார் என்றால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். ஒரு மெயிலை மட்டும் வைத்துக்கொண்டு தொனியைப் படிக்க முடியாது. அதே ஆளின் பழைய மெயிலோடு ஒட்டிப் பார்த்தால்தான் பிடிபடும்.

அடுத்து சிசி. மேலாளர் சிசியில் இருக்கும்போது எழுதும் வரிகளில் பாதி மேலாளருக்காக எழுதப்படுவது. "வியப்பளிக்கிறது" என்ற சொல் உங்களைத் திட்டவில்லை. "நான் விலை உயர்வைச் சும்மா விட்டுவிடவில்லை, பாருங்கள்" என்று அவர் தன் மேலாளருக்குக் காட்டுகிறார். 3.05 என்பதும் கடையில் விற்கும் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வந்த இலக்கு. அநேகமாக அதே எண் இன்னும் மூன்று சப்ளையருக்கும் போயிருக்கும்.

இப்போது உங்கள் மெயிலை அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். முதல் வரியிலேயே "இயலாது". நூல் எவ்வளவு ஏறியது, ஒரு பீஸுக்கு எவ்வளவு போகிறது, ஒன்றும் இல்லை. கடைசியில் "உடனே உறுதி செய்யவும்". நம் ஊர் ஆபீஸ் மரபில் அது பணிவு. படிக்கிறவருக்கு அது கெடு. அவரும் பதிலுக்கு ஒரு கெடு வைத்துவிட்டார். உங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் இன்னும் ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை.

---

மாடிவீடு எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினை. வீட்டு ஓனரிடம் வாடகை ஏற்ற வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். ப்ளூ டிக் வந்துவிட்டது, இரண்டு நாளாகப் பதில் இல்லை. காலி பண்ணச் சொல்லப்போகிறாரா? நானே முந்திக்கொண்டு வேறு வீடு பார்க்கிறேன் என்று எழுதிவிடலாமா?

---

பழைய பையிங் ஆபீஸ் எழுதியது:

மாடிவீடு, வேண்டாம். பதில் வராததை வைத்து ஒரு முடிவை எழுதி அனுப்பினால் அவருக்கு அதுதான் உங்கள் கடைசிச் சொல். அவர் வீட்டில் கலந்து பேசிக்கொண்டிருக்கலாம். நீங்கள் மாடியில் இருக்கிறீர்கள், அவர் கீழேயே இருந்தால் ஞாயிறு காலை இறங்கிப் போய்ப் பேசுங்கள். உங்கள் விஷயத்தில் சாயப்பட்டறை அண்ணன் சொன்னதுதான் சரி.

---

சாயப்பட்டறை எழுதியது:

அதைத்தானே நானும் சொன்னேன். முகம் பார்த்தால் பாதிப் பிரச்சினை கிடையாது.

---

உளவியல் மாணவி எழுதியது:

இந்தத் தொனி விஷயத்தில் 2005-இல் குரூகர், எப்லி முதலிய அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை இருக்கிறது. சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் சொல்லச் சொன்னார்கள். மெயிலிலும் சொல்ல வைத்தார்கள், குரலிலும் சொல்ல வைத்தார்கள். எதிராளி சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் நம்பியது 78 சதவீதம், இரண்டு வழியிலுமே. குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மெயிலில் படித்தவர்கள் 56 சதவீதம்தான், கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பது போல. எழுதுகிறவர் மனதில் தன் குரல் ஒலித்துக்கொண்டே இருப்பதால், அது எழுத்திலும் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆனால் சாயப்பட்டறை ஐயா, நேரில் பார்த்தால் எப்போதும் நல்லது என்று ஆய்வுகள் சொல்லவில்லை. 2012-இல் ஸ்வாப் என்பவரும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு பேரும் நல்ல மனதோடு இருந்தால் எந்த வழியில் பேசினாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத நடுநிலையில் இருந்தால் முகமும் குரலும் உதவுகின்றன. ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு முகம் பார்ப்பது நிலைமையை இன்னும் கெடுக்கிறது.

---

பழைய பையிங் ஆபீஸ் எழுதியது:

கடைசியில் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். தரப் பிரச்சினையில் ஏற்கெனவே கசந்து போயிருந்த ஒரு கம்பெனி முதலாளியும் பையரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். மெயிலில் எண்களாக ஓடிக்கொண்டிருந்த வழக்கு, அங்கே "யார் பொய் சொல்கிறார்" என்று ஆகிவிட்டது. அதன்பிறகு மெயிலும் நின்றுபோனது.

நேரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் ஆட்கள் விருந்தாளி முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். கோஸ்டிங் ஷீட் கையில் இல்லாமல், மதியச் சாப்பாட்டு மேஜையில் 5 சென்ட் விட்டுக்கொடுத்து, கூடவே 30 நாள் கடனும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்த முதலாளிகள் உண்டு. மெயிலாக இருந்தால் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்திருப்பார்.

நூல்கண்டு, உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. நாளை ஜெர்மனியில் காலை பத்து மணி ஆகும்போது பத்து நிமிடம் போன். அதில் விலை எண்ணைப் பேசாதீர்கள். இரண்டு கேள்வி போதும்: உங்கள் மேலாளருக்கு எதைக் காட்ட வேண்டியிருக்கிறது? ஸ்டைலில் எதைத் தொடக் கூடாது? மெயில் பேரத்துக்கு முன்னால் சும்மா ஒரு சின்ன போன் பேச்சு நடந்தால் பேரம் முறிவது குறைகிறது என்பதற்கும் 2002-இல் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஆய்வு தெரியாத காலத்திலேயே நல்ல மெர்ச்சண்டைசர்கள் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

அதன்பிறகு மெயில். அதில் 3.17-க்குப் பதில் 3.14 என்று இன்னொரு ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். எழுத்தில் ஒற்றை எண் மேலும் கீழும் போனால் ஒவ்வொரு மெயிலும் முந்தையதைவிடக் காட்டமாகத் தெரியும். மூன்று வழி வையுங்கள், மூன்றும் உங்களுக்கு ஏறக்குறைய ஒரே லாபம் தரும்படி. இந்த வேலைக்கு நேர்ப்பேச்சைவிட மெயில் நல்லது. அவர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்க்கலாம், அப்படியே மேலாளருக்கும் அனுப்பலாம்.

---

நூல்கண்டு எழுதியது:

அண்ணா, பழைய மெயில்களைப் பார்த்தேன். எல்லாமே மூன்று நாலு வரிதான். சாம்பிளைப் பாராட்டிய மெயிலே "சாம்பிள் சரி. தொடரவும்." என்று இருக்கிறது.

மூன்று வழி என்றால் இப்படி யோசித்தேன்.

முதலாவது, எதுவும் மாறாமல் 3.17.

இரண்டாவது, துணியை 170 ஜிஎஸ்எம் ஆக்கினால் பீஸுக்கு சுமார் 14 கிராம் நூல் குறைகிறது. நூல், நிட்டிங், டையிங் சேர்த்துக் கிலோவுக்கு 400 ரூபாய் வைத்தால் ஐந்தரை ரூபாய், அதாவது 6 சென்ட். 3.11 கொடுக்கலாம்.

மூன்றாவது, 180 ஜிஎஸ்எம் அப்படியே. எட்டு நிறத்தில் இரண்டு நிறம் தலா 600 பீஸ்தான் இருக்கிறது. துணி 140 கிலோகூட வராது. சின்ன லாட் என்று பட்டறையில் கூடுதல் ரேட் கேட்கிறார்கள். அந்த இரண்டையும் மற்ற நிறங்களில் சேர்த்து, பேமென்ட் 60 நாளை 30 நாளாக்கினால் 3.14.

---

சாயப்பட்டறை எழுதியது:

140 கிலோ லாட்டுக்கு ரேட் கூடத்தான் செய்யும். மெஷினில் பாதிகூட நிரம்பாது, தண்ணீரும் ஆவியும் கிட்டத்தட்ட அதே செலவு. ஷேடு தப்பினால் மறுபடி ஓட்ட வேண்டும். இதைப் பையருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். நியாயமான காரணம்.

ஆனால் 170 ஜிஎஸ்எம்முக்கு ஷ்ரிங்கேஜ் மறுபடி டெஸ்ட் செய்யாமல் வாக்குக் கொடுக்காதீர்கள். கிராம் குறைந்தால் துணியை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங்கில் அட்ஜஸ்ட் பண்ணலாம் என்று சிலர் சொல்வார்கள், துவைத்த பிறகு நீளம் காட்டிக்கொடுத்துவிடும்.

---

ஸ்காபரோ வாசி எழுதியது:

கனடாவில இருந்து ஒரு எச்சரிக்கை. மெயிலோ மெசேஜோ, எதற்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுற இமோஜி படம் போட்டு விடாதேங்கோ. இங்கே சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு தானிய வியாபாரி 2021-இல் ஒரு விவசாயியோடு போனில் கதைச்சுப் போட்டு, ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்டு, படம் பிடிச்சு, உறுதி செய்யுமாறு கேட்டு அனுப்பினார். விவசாயி கட்டைவிரல் படம் ஒன்று மட்டும் அனுப்பினார். நவம்பரில் விதை வரவில்லை. விலை அதற்குள் நல்லா ஏறிவிட்டது. "ஒப்பந்தம் கிடைச்சது எண்டுதான் சொன்னேன், ஒத்துக்கொண்டதாகச் சொல்லேல்லை" என்பது விவசாயியின் வாதம். ஆனால் அதற்கு முன்பு இதே வியாபாரி அனுப்பிய ஒப்பந்தங்களுக்கு "ஓகே", "யப்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டு, சொன்னபடி சரக்கும் குடுத்திருக்கிறார். 2023-இல் நீதிமன்றம் அந்தப் படத்தையே கையெழுத்தாக எடுத்து, 82,000 டொலருக்கு மேல் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு.

---

பழைய பையிங் ஆபீஸ் எழுதியது:

நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அந்த நீதிமன்றமும் பழைய மெசேஜ்களோடு சேர்த்துத்தான் அந்தப் படத்தைப் படித்திருக்கிறது, கவனியுங்கள்.

நம் நாட்டிலும் 2010-இல் உச்ச நீதிமன்றத்தில் ட்ரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் வழக்கு. பாக்சைட் ஐந்து கப்பல் சரக்கு. விலை, அளவு எல்லாம் மெயிலில் பேசி ஒத்துக்கொண்டார்கள், முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகவில்லை. மெயில் வழியே ஒப்பந்தம் உண்டாகிவிட்டது என்றுதான் தீர்ப்பு. ஆகவே நூல்கண்டு, மூன்று வழி மெயிலில் ஒரு வரி கட்டாயம்: இந்த விலைகள் எந்தத் தேதி வரை செல்லும் என்பது. இல்லாவிட்டால் நூல் இன்னும் ஏறிய பிறகு, "சரி, 3.14" என்று ஒரு மெயில் வந்து நிற்கும்.

---

மாடிவீடு எழுதியது:

ஓனர் ஊரில் இல்லையாம், தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். கீழ்வீட்டு அக்கா சொன்னார்கள். நன்றி.

---

நூல்கண்டு எழுதியது:

நேற்றே போன் செய்தேன். முதலாளி பக்கத்திலேயே நின்றார், பயத்தோடு. அந்த அம்மா எடுத்ததும் என் பெயரைச் சொல்லி, போன ஷிப்மென்ட் கடையில் நன்றாகப் போனது என்றுதான் ஆரம்பித்தார். கோபம் இருப்பதாகவே தெரியவில்லை. மேலாளருக்கு என்ன காட்ட வேண்டும் என்று கேட்டதற்கு, நூல் விலை ஏறியதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும், ஒரு பீஸுக்கு எவ்வளவு என்று கணக்கு வேண்டும், அது இல்லாமல் தன்னால் வாதாட முடியாது என்றார். 170 ஜிஎஸ்எம் முடியவே முடியாதாம், லேபிளிலும் வெப்சைட்டிலும் 180 என்று அச்சாகிவிட்டது. நிறத்தைக் குறைப்பது பற்றி யோசிக்கலாம் என்றார். 30 நாள் பேமென்ட் தன் கையில் இல்லை, அக்கவுண்ட்ஸ் கையில் என்றார்.

ஸ்பின்னிங் மில்லின் போன சீசன் இன்வாய்ஸும் இந்த வார இன்வாய்ஸும் சேர்த்து, இன்று மெயில் போட்டேன். தமிழில் சொன்னால்:

"நேற்றுப் பேசியதற்கு நன்றி. 30 எண் கோம்டு நூல் கிலோவுக்கு 24 ரூபாய் உயர்ந்துள்ளது, இன்வாய்ஸ்கள் இணைப்பில். ஒரு பீஸுக்கு 250 கிராம் நூல், ஆகவே உயர்வு 6 ரூபாய், 7 சென்ட். இதில் எங்கள் லாபம் எதுவும் சேர்க்கப்படவில்லை. வழி ஒன்று: மாற்றமில்லாமல் 3.17. வழி இரண்டு: இரு சிறிய நிறங்களைச் சேர்த்து, 60 நாள் பேமென்ட்டில் 3.16. வழி மூன்று: அதே நிற மாற்றம், 30 நாள் பேமென்ட், 3.14. இந்த விலைகள் வரும் வெள்ளி வரை. எந்த வழி உங்களுக்கு வசதி என்று சொன்னால் அதன்படி ஷீட் அனுப்புகிறேன்."

சாயங்காலம் பதில் வந்தது: "தெளிவாக உள்ளது. உள்ளே பேசுகிறோம். 3.12 சாத்தியமா?"

முதலாளி இப்போது 3.12-க்குச் சரி சொல்லலாம் என்கிறார். அடுத்த மாதம் நேரில் வரும்போது கெஞ்சி 2 சென்ட் ஏற்றிக்கொள்ளலாமாம்.

---

சாயப்பட்டறை எழுதியது:

அது நடக்காது. எழுத்தில் ஒத்துக்கொண்ட விலையை நேரில் வந்தபோது ஏற்றினால் வாக்கு மாறிவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்கள். நேரில் பேசினால் நல்லது என்று சொன்ன நானே சொல்கிறேன்.

---

உளவியல் மாணவி எழுதியது:

"3.12 சாத்தியமா?" என்பது கேள்வியாக வந்திருப்பதே முந்தைய மெயிலைவிட இறங்கி வந்ததற்கு அடையாளம் என்று நினைக்கிறேன். 3.05-இலிருந்து 7 சென்ட் ஏறி வந்திருக்கிறார்.

---

பழைய பையிங் ஆபீஸ் எழுதியது:

கேள்விக்குறியை நான் அவ்வளவு நம்பமாட்டேன், எண்ணைத்தான் நம்புவேன். எந்த வழிக்கு 3.12 என்று அவர் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். 60 நாளுக்கா, 30 நாளுக்கா, எட்டு நிறத்துக்கா, ஆறுக்கா? இதற்குச் "சரி" என்று பதில் போட்டால் எட்டு நிறம், 60 நாள், 3.12 என்று அவர்கள் பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பிஓ, அடித்து அனுப்புவார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, உண்மையிலேயே அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

"வழி மூன்றின்படி, ஆறு நிறம், 30 நாள் என்றால் 3.13 வரை வர முடியும். 60 நாள் என்றால் 3.16-க்குக் கீழே எங்களால் முடியவில்லை. திருத்திய பிஓ வந்த பிறகே நூல் புக் செய்வோம்." இதை அனுப்பிவிட்டு, அனுப்பியிருக்கிறேன் என்று ஒரு நிமிடம் போனில் சொல்லுங்கள். முதலாளி 3.12-தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அது அவருடைய பணம், அவர் முடிவு. ஆனால் அந்த 1 சென்டுக்கு எதிராக ஏதாவது ஒன்றை, அடுத்த சீசன் ரிப்பீட் ஆர்டர் என்றாலும் சரி, அதே மெயிலிலேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

---

நூல்கண்டு எழுதியது:

3.13 என்று போட்டுவிட்டேன். முதலாளிக்கு அரை மனசுதான். மேலாளர் லீவில் இருப்பதால் திங்கள்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறார்கள். விலை வெள்ளி வரை என்று எழுதியிருந்ததைத் திங்கள் வரை நீட்டி ஒரு வரி அனுப்பியிருக்கிறேன். மில்லிலும் அதுவரை இதே ரேட்டில் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே இன்னும் எழுத்தில் எதுவும் வாங்கவில்லை, இப்போதே மில் ஏஜென்டிடம் ஒரு மெசேஜ் வாங்கிவிடுகிறேன்.